டீக் கார்டு: நான்கு வரியில் ஓர் அறிவிப்பு

டீக்கடையில் ஸ்டாம்ப் கார்டு என்பது விசிட்டிங் கார்டு அளவில் ஓர் அட்டை. அதில் வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். டீ குடித்துக் காசு கொடுக்கும்போது கல்லாவில் இருப்பவர் ஒரு கட்டத்தில் சீல் குத்துவார். கட்டங்கள் நிறைந்தால் ஒரு டீ இலவசம். இதை முதன்முதலாக அறிவிக்கும் பலகையோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸோ நான்கு வரியைத் தாண்டக்கூடாது. பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே கிளாஸை ஊதிக் குடிப்பவர் அதற்கு மேல் படிக்கமாட்டார். ஆனால் வரி குறையக் குறைய, விட்டுப்போன ஒவ்வொரு விவரமும் கல்லாவில் கேள்வியாக வந்து நிற்கும். ஆகவே எழுதுவதற்கு முன்பே கடைக்காரர் விதிகளை முடிவு செய்துவிட வேண்டும்.

பெரும்பாலான கடைகள் முதலில் எழுதுவது இப்படித்தான் இருக்கும்: ‘10 டீ குடித்தால் 1 டீ இலவசம்!’ பார்க்கத் தெளிவான வரி, ஆனால் பத்தாவது டீயே இலவசமா, பதினோராவதா என்பது அதில் இல்லை. கடைக்காரர் மனதில் இருப்பது பதினொன்று. குடிப்பவர் பத்தாவது கிளாஸைக் கையில் வாங்கியதும் காசு கொடுக்காமல் கார்டை நீட்டுவார். அலுவலகத்துக்கு ஆறு டீ பார்சல் வாங்கிப் போகிறவருக்கு ஒரு சீலா, ஆறு சீலா? நோட்டில் கணக்கு எழுதி மாதக் கடைசியில் காசு கொடுப்பவருக்கு எப்போது சீல்? இலவசமாகக் குடித்த டீக்கும் சீல் உண்டா? ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விதி எழுதினால் அறிவிப்பு ரேஷன் கடைப் பலகைபோல ஆகிவிடும்.

இவை எல்லாவற்றுக்கும் ஒரே வரியில் பதில் சொல்ல வழி இருக்கிறது: ‘எத்தனை டீக்குக் காசு கொடுக்கிறீர்களோ அத்தனை சீல்.’ ஆறு டீ பார்சலுக்கு ஆறு சீல். நண்பர்கள் நால்வருக்கும் சேர்த்து ஒருவர் காசு கொடுத்தால் நான்கு சீலும் அவர் கார்டில். கணக்கு வைத்திருப்பவருக்குக் காசு கொடுக்கும் நாளில் சீல். நோட்டில் பாக்கி ஏறுவதற்கும் இது ஒரு சிறிய கடிவாளம். இலவச டீக்குக் காசு இல்லை, எனவே சீலும் இல்லை. காபிக்கும் பாலுக்கும் கிடையாது என்பதையும் ‘டீ’ என்ற சொல்லே சொல்லிவிடுகிறது. நல்ல அறிவிப்புக்கு இப்படி ஒரு வரி கிடைத்தால் போதும். அது கிடைக்கும்வரை அச்சகத்துக்குப் போகவேண்டியதில்லை.

அடுத்தது, எத்தனை கட்டம் என்பது. இதைக் கணக்குப் போட்டுத்தான் முடிவு செய்யவேண்டும். ஒரு கடையில் டீ 15 ரூபாய் என்றும், பால், தூள், சர்க்கரை, கேஸ் சேர்த்து ஒரு டீக்கு 8 ரூபாய் செலவு என்றும் வைத்துக்கொள்வோம். பத்து டீ விற்றால் கையில் நிற்பது 70 ரூபாய். இலவச டீக்குக் கடையின் கையை விட்டுப் போவது 15 அல்ல, 8 ரூபாய்தான். கார்டு அடிக்க ஒரு ரூபாய் என்றால் மொத்தம் 9. அதாவது விற்கும் ஒவ்வொரு டீக்கும் 90 பைசா. சிறிய தொகையாகத்தான் தெரியும். ஆனால் கார்டை முதலில் வாங்குபவர்கள் எப்படியும் தினமும் வருகிற வாடிக்கையாளர்களே. அவர்கள் நாளுக்கு 200 டீ குடிப்பவர்கள் என்றால், கடைக்குப் புதிதாக எதுவும் வராமலேயே தினம் 180 ரூபாய் போகும். அதை ஈடுகட்ட, கார்டுக்காகவே வருகிற கூடுதல் டீ நாளுக்கு முப்பதாவது விற்கவேண்டும். நிறையாத கார்டும் தொலைந்த கார்டும் இந்தச் சுமையைக் கொஞ்சம் குறைக்கும் என்றாலும், தெருவில் வேறு டீக்கடையே இல்லாத கடைக்கு இந்த ஏற்பாடு தேவையில்லை. எதிரெதிரே இரண்டு மூன்று கடைகள் இருக்கும் பஸ் ஸ்டாண்டில்தான் இதற்கு வேலை.

பத்து சீல் என்று முடிவானாலும் அதைப் பத்துக் கட்டமாகவே அச்சடிக்கவேண்டும் என்பதில்லை. அமெரிக்காவில் ஜோசப் நூனஸ், சேவியர் ட்ரெஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கார் கழுவும் கடையில் 300 கார்டுகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2006-இல் வெளியானது. பாதிப் பேருக்கு எட்டுக் கட்டமுள்ள வெற்றுக் கார்டு. மீதிப் பேருக்குப் பத்துக் கட்டம், அதில் இரண்டு சீல் முன்பே குத்தியிருந்தது. இரு சாராரும் எட்டு முறைதான் காரைக் கழுவவேண்டும். வெற்றுக் கார்டுக்காரர்களில் 19 சதவீதம் பேர் நிறைத்தார்கள். இரண்டு சீலோடு தொடங்கியவர்களில் 34 சதவீதம். தொடங்கிவிட்ட வேலையைப் பாதியில் விட மனம் வராது என்பதே அவர்கள் சொன்ன காரணம். அதே ஆண்டில் வெளியான இன்னோர் ஆய்வு, ஒரு காபிக் கடையில் கார்டு நிறைய நிறைய வாடிக்கையாளர்கள் அடிக்கடி வந்ததைக் காட்டியது.

எனவே பன்னிரண்டு கட்டம் அச்சடித்து, கார்டைக் கொடுக்கும்போதே இரண்டு சீல் குத்திக் கொடுப்பது நல்லது. கடைக்கு இதில் கூடுதல் செலவு இல்லை. ஓர் ஓட்டை மட்டும் உண்டு: ஆறு கார்டு வாங்கினால் டீயே குடிக்காமல் பன்னிரண்டு சீல் சேர்ந்துவிடும். அதை அடைக்க ‘ஒரே கார்டில்’ என்ற இரண்டு சொல் போதும்.

கடைசி நாளையும் இரண்டாகப் பிரித்துச் சொல்லவேண்டும். ‘மார்ச் 31 வரை’ என்று மட்டும் எழுதினால், அன்று இரவு கார்டை நிறைத்தவர் மறுநாள் காலை இலவச டீ கேட்டு நிற்பார். அவர்மேல் தவறும் இல்லை. எல்லாம் சேர்த்தால் அறிவிப்பு இப்படி வரும்:

இன்று முதல் நம்ம கடையில் டீக் கார்டு. இலவசம், கல்லாவில் கேளுங்க.
எத்தனை டீக்குக் காசு கொடுக்கிறீங்களோ அத்தனை சீல். பார்சலுக்கும் உண்டு.
12 கட்டம், முதல் 2 சீல் எங்க கணக்கு. ஒரே கார்டில் 12-ம் நிறைந்தால் அடுத்த டீ இலவசம்.
சீல் மார்ச் 31 வரை. இலவச டீ ஏப்ரல் 15 வரை.

இதில் ‘அரிய வாய்ப்பு’ இல்லை, ‘நிபந்தனைகளுக்குட்பட்டது’ இல்லை, கடையின் வரலாறும் இல்லை. ‘பார்சலுக்கும் உண்டு’ என்பது இரண்டாவது வரியிலேயே அடங்கியதுதான். ஆனாலும் அதிகம் பேர் கேட்கப்போகும் கேள்வி அது என்பதால் இருக்கட்டும்.

அட்டையைப் பளபளப்பாக லேமினேஷன் செய்தால் சீல் மை பிடிக்காது, விரல் பட்டதும் இழுகிவிடும். வழவழப்பில்லாத தடித்த அட்டையே சரி. ஸ்டேஷனரிக் கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் நட்சத்திர சீலை வாங்கினால், அதையே யாரும் வாங்கி வீட்டில் குத்திக்கொள்ளலாம். கடைப் பெயரின் எழுத்தோடு தனியாகச் செய்த சீல் வேண்டும், மை நிறத்தையும் இடையிடையே மாற்றலாம். ஒரு நாளில் திரும்பி வருகிற நிறைந்த கார்டுகளை எண்ணி, அதைப் பத்தால் பெருக்கி, கடந்த சில நாள் விற்பனையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் கள்ளச் சீல் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். திரும்பி வந்த கார்டை அங்கேயே கிழித்துப் போடவேண்டும். மாலையில் முதலாளி இல்லாத நேரத்தில் கல்லாவில் உட்காரும் பையனுக்கும் இதே நான்கு வரி தெரிந்திருக்கவேண்டும். காலையில் ஆறு டீக்கு ஆறு சீல் வாங்கியவருக்கு மாலையில் ஒரு சீல் குத்தினால் பலகையில் என்ன எழுதியிருந்தும் பயனில்லை.