55-ஐ 5-ஆல் வகுத்தால் 13

வாராவாரம் ரோஸ்டர் போடுவது கால் சென்டர் டீம் லீடர்களுக்கு ஒரு தலைவலி. யாருக்கு எந்த நாள் வீக் ஆஃப் என்று முடிவு செய்ய வேண்டும். நிபந்தனைகள் இரண்டுதான். ஒவ்வொரு நாளும் குறைந்தபட்சம் இத்தனை பேர் வேலையில் இருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஐந்து நாள் வேலைக்குப் பிறகு அடுத்தடுத்து இரண்டு நாள் விடுமுறை தர வேண்டும்.

ஒரு சிறு குழுவை எடுத்துக்கொள்வோம். திங்கள் 10 பேர், செவ்வாய் 6, புதன் 8, வியாழன் 9, வெள்ளி 6, சனி 10, ஞாயிறு 6 பேர் வேண்டும். கூட்டினால் 55. ஆளுக்கு ஐந்து நாள் என்று வகுத்து, 11 பேர் போதும் என்பார் மேலாளர். 11 பேரை வைத்துக்கொண்டு எத்தனை முறை அழித்து எழுதினாலும் அது உட்காராது. 12 பேரை வைத்தும் முடியாது.

காரணம் கூட்டுத்தொகையில் இல்லை, நாள்களின் வரிசையில் இருக்கிறது. அழைப்புகள் குறைவாக வரும் செவ்வாய், வெள்ளி, ஞாயிறு மூன்றும் தனித்தனியே கிடக்கின்றன. எந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இல்லை. அதனால் யாருக்கு எந்த இரண்டு நாள் சேர்த்து லீவு கொடுத்தாலும், அதில் ஒரு நாளாவது திங்கள், புதன், வியாழன், சனி ஆகிய வேலை மிகுந்த நான்கு நாள்களில் விழுந்தே தீரும். 12 பேர் இருந்தால் திங்களன்று 2 பேருக்குத்தான் லீவு தரலாம். புதனன்று 4, வியாழனன்று 3, சனியன்று 2. மொத்தம் 11 இடங்கள். லீவு கேட்டு நிற்பவர்களோ 12 பேர். ஒருவருக்கு இடமில்லை. 13 பேர் ஆனதும் இந்த இடங்கள் 15 ஆகிவிடும்; ரோஸ்டர் உட்கார்ந்துவிடுகிறது.

இந்தச் சிறு குழுவுக்குக் கையாலேயே நிரூபித்துவிட்டோம். பெரிய குழுவுக்குக் கணினிதான் வேண்டும். இந்த வழிக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. நியூயார்க் பகுதியின் சுங்கச்சாவடிகளில் எத்தனை பேரை நிறுத்துவது என்று லெஸ்லி எடி எழுதிய கட்டுரைக்கு, ஆள் ஒதுக்கீட்டைச் சமன்பாடுகளாக எழுதலாம் என்று ஜார்ஜ் டான்ட்சிக் 1954-இல் ஒரு குறிப்பு எழுதினார்.

சூட்சுமம், எதை மாறியாக வைக்கிறோம் என்பதில் இருக்கிறது. 'திங்களன்று எத்தனை பேர்' என்று தொடங்கினால், அவர்களில் யார் நேற்றும் வந்தார் என்று தெரியாமல் மாட்டிக்கொள்வோம். 'திங்களன்று எத்தனை பேர் தங்கள் ஐந்து நாள் வேலையைத் தொடங்குகிறார்கள்' என்று கேட்க வேண்டும். அதை x1 என்றும், செவ்வாயன்று தொடங்குபவர்களை x2 என்றும், இப்படியே ஞாயிறுவரை x7 என்றும் வைப்போம். திங்களன்று வேலையில் இருப்பவர்கள் வியாழன் முதல் திங்கள்வரை ஏதோ ஒரு நாளில் தொடங்கியவர்கள். ஆக,

```
x1 + x4 + x5 + x6 + x7 >= 10
```

இதேபோல் ஏழு நாளுக்கும் ஏழு வரிகள். ஏழு மாறிகளின் கூட்டுத்தொகை எவ்வளவு குறைய முடியுமோ அவ்வளவு குறைய வேண்டும். எக்செல்லில் இருக்கும் சால்வரே இதைப் போட்டுவிடும். ஆனால் மாறிகள் முழு எண்களாக இருக்க வேண்டும் என்று சொல்ல மறந்தால் 12⅓ என்று விடை வரும். அதில் வியாழனன்று வேலை தொடங்குபவர்கள் 4⅓ பேர்! மூன்றில் ஒரு ஆளை எங்கே தேடுவது? எல்லாப் பின்னங்களையும் மேலே தள்ளி முழுதாக்கினால் தேவைக்கு மேல் ஆள் சேரக்கூடும். கீழே தள்ளினால் ஏதாவது ஒரு நாள் ஆள் குறையும். அதனால் மென்பொருள் கணக்கை இரண்டாகப் பிரிக்கிறது. அந்த எண் 4 அல்லது அதற்குக் கீழே என்று ஒரு முறை, 5 அல்லது அதற்கு மேலே என்று ஒரு முறை. பின்னம் மறையும்வரை இப்படியே கிளை பிரித்துப் போய் 13-இல் நிற்கும்.

மேலாளருக்கு இன்னொரு பயனும் உண்டு. புதனின் 8-ஐயும் வெள்ளியின் 6-ஐயும் இடம் மாற்றிப் பாருங்கள். வாடிக்கையாளர்களுக்குப் புதன்கிழமை அனுப்பும் நினைவூட்டல் குறுஞ்செய்தியை வெள்ளிக்குத் தள்ளினாலேகூட இது நடக்கலாம். மொத்தம் அதே 55தான். ஆனால் செவ்வாயும் புதனும் இப்போது பக்கத்துப் பக்கத்தில் வந்துவிட்டதால் 12 பேர் போதும்.

13 என்பதை அப்படியே ஆள் எடுக்கும் எண்ணாக வைத்துக்கொள்ளக் கூடாது. காய்ச்சல், கல்யாணம் எதற்கும் அதில் இடமில்லை. சனியன்று 10 பேர் வேண்டும் என்பதால், சனி-ஞாயிறு லீவு எப்படிப் போட்டாலும் மூன்று பேருக்கு மேல் கிடைக்காது. எல்லோருக்கும் அது சுற்றி வரட்டும் என்று வாராவாரம் ஆளை மாற்றினால் வேறொரு வில்லங்கம் வரும். இந்த வாரம் திங்கள்-செவ்வாய் லீவு எடுத்தவருக்கு அடுத்த வாரம் சனி-ஞாயிறு கொடுத்தால், இடையில் அவர் தொடர்ந்து பத்து நாள் உழைத்திருப்பார். இரண்டு வாரமும் தனித்தனியே பார்த்தால் ரோஸ்டரில் ஒரு குறையும் தெரியாது. இதைத் தடுக்க, நான்கு வாரத்தையும் ஒரே கணக்காக்கி, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 'வேலையா, லீவா' என்று தனி மாறி வைத்து, எந்தத் தொடர்ச்சியான ஏழு நாளிலும் ஒரு லீவாவது இருக்க வேண்டும் என்று எழுத வேண்டும். ஏழு மாறிகள் இருந்த இடத்தில் 364 வந்துவிடும்.