அதிர்ச்சி அலைக்குப் பின்னால் எழும் பொய் அலை

ஒலியை விட வேகமாகப் பாயும் ஒரு பொருளின் முன்னால் காற்று திடீரென்று நெருக்கப்படுகிறது. அழுத்தமும் அடர்த்தியும் ஒரே தாவலில் ஏறிவிடுகின்றன. தரைமட்டக் காற்றில் வலுவான அதிர்ச்சி அலையின் தடிமன் சில மைக்ரானைத் தாண்டாது. கணினியில் இதைக் கணக்கிடுபவர் வெளியைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரிப்பார். ஒரு கட்டத்தின் அகலமே மில்லிமீட்டர், சென்டிமீட்டர் என்று இருக்கும். ஆகவே கணினியைப் பொறுத்தவரை அது செங்குத்தான ஒரு படி.

அந்தப் படியை நுட்பமான கணக்கு முறையிடம் கொடுத்தால் ஒரு விநோதம் நடக்கிறது. படியை ஒட்டி, இயற்கையில் இல்லாத அலைகள் எழும்புகின்றன. அழுத்தம் இருக்க வேண்டியதைவிட மேலே போய், கீழே இறங்கி, மறுபடி மேலே போகிறது. சில சமயம் அடர்த்தியோ அழுத்தமோ பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும். ஒலியின் வேகத்தைக் கணக்கிட அழுத்தத்தை அடர்த்தியால் வகுத்து வர்க்கமூலம் எடுக்க வேண்டும். இரண்டில் ஒன்று மைனஸ் ஆனால் திரையில் `NaN` வந்து நிற்கும். கட்டங்களை இன்னும் பொடியாக்கினாலும் இது தீராது. பொய் அலையின் அகலம் குறையும், உயரம் குறையாது.

இதன் காரணத்தைப் பார்க்க விமானம் வேண்டாம். ஒரு படி, வடிவம் மாறாமல் வலப்புறம் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். இடப்பக்கக் கட்டங்களில் எல்லாம் 1, வலப்பக்கக் கட்டங்களில் எல்லாம் 0. ஒவ்வொரு காலப்படியிலும் படி அரைக் கட்டம் நகர வேண்டும்.

இங்கே ஒரு வரவு செலவுக் கணக்கு இருக்கிறது. ஒரு கட்டத்தில் உள்ள அளவு மாற வேண்டுமானால், அதன் இரு சுவர்கள் வழியே ஏதாவது வந்திருக்க வேண்டும் அல்லது போயிருக்க வேண்டும். ஒரு கட்டம் செலவு எழுதியதை அடுத்த கட்டம் அப்படியே வரவு எழுதும். சுவர் வழியே போகும் இந்த அளவுதான் ஃப்ளக்ஸ். நிறை, உந்தம், ஆற்றல் மூன்றுக்கும் இந்தக் கணக்கு இம்மியும் பிசகக் கூடாது. அதிர்ச்சி அலை எவ்வளவு வேகத்தில் நகரும் என்பதை அந்தக் கணக்குதான் தீர்மானிக்கிறது. கணக்கு பிசகினால் அலை தவறான இடத்தில் போய் நிற்கும்.

மிக எளிய முறை அப்விண்ட். காற்று வரும் பக்கத்துக் கட்டத்தை மட்டும் பார்த்து ஃப்ளக்ஸை முடிவு செய்வது. நம் உதாரணத்தில் புதிய மதிப்பு என்பது தன் மதிப்பில் பாதி, இடப்பக்கத்து மதிப்பில் பாதி. இரண்டு காலப்படி கழித்து படியருகே 1, 0.75, 0.25, 0 என்று வருகிறது. சரியான விடை 1, 1, 0, 0. பொய் அலை இல்லை, ஆனால் படி சரிவாகக் கரைந்துவிட்டது. காலப்படிகள் கூடக் கூட இன்னும் கரையும்.

1960இல் பீட்டர் லாக்ஸும் பர்டன் வெண்ட்ராஃபும் கொடுத்த இரண்டாம் வரிசை முறை, இழைவான பகுதிகளில் இதைவிடப் பல மடங்கு துல்லியமானது. நம் உதாரணத்தில் அது இடப்பக்கத்து மதிப்பை 0.375ஆலும், தன் மதிப்பை 0.75ஆலும், வலப்பக்கத்து மதிப்பை -0.125ஆலும் பெருக்கிக் கூட்டுகிறது. படியின் கடைசி ‘1’ கட்டத்தில் போட்டுப் பாருங்கள்: 0.375 + 0.75 = 1.125. எங்குமே 1ஐத் தாண்டாத தரவிலிருந்து 1.125 வந்துவிட்டது. அடுத்த காலப்படியில் அது சுமார் 1.172 ஆகிறது, அதற்கு இடப்பக்கத்துக் கட்டம் 0.984க்குத் தாழ்கிறது. அலை பிறந்துவிட்டது.

குற்றவாளி அந்த மைனஸ் எடை. எடைகள் எல்லாம் பூஜ்யம் அல்லது அதற்கு மேல், கூட்டுத்தொகை 1 என்றால் புதிய மதிப்பு வெறும் சராசரிதான். சராசரி ஒருபோதும் அதிகபட்சத்தைத் தாண்டாது, குறைந்தபட்சத்துக்குக் கீழே போகாது. அப்படியானால் மைனஸ் இல்லாத எடைகளைக் கொண்டே இரண்டாம் வரிசை முறையைச் செய்துவிடலாமே என்று தோன்றும். முடியாது.

இரண்டாம் வரிசைத் துல்லியம் இரண்டு நிபந்தனைகளைக் கேட்கிறது. எடைகளின் சராசரி இடம், அலை கிளம்பிய இடமாக இருக்க வேண்டும். இங்கே அது அரைக் கட்டம் இடப்புறம். அந்தச் சராசரியைச் சுற்றி எடைகளின் பரவல், புள்ளியியலில் மாறுபாடு என்பார்களே அது, பூஜ்யமாக இருக்க வேண்டும். ஆனால் மைனஸ் இல்லாத எடைகளை இரண்டு மூன்று கட்டங்களில் பிரித்து வைத்தால் பரவல் எப்போதுமே பூஜ்யத்துக்கு மேல்தான் இருக்கும். பூஜ்யமாக்க வேண்டுமானால் எடை முழுவதும் ஒரே கட்டத்தில் இருக்க வேண்டும். அரைக் கட்டத்தில் கட்டமே கிடையாதே! ஆக, எங்கோ ஒரு மைனஸ் வந்தே தீரும். அப்விண்ட் முறையில் படி கரைவதும் இந்தப் பரவலால்தான்.

சோவியத் கணிதவியலாளர் செர்கேய் கோதுனோவ் 1959இல் வெளியிட்ட தேற்றத்தின் சாரம் இதுதான். பொய் அலை எழுப்பாத நேரியல் முறை, முதல் வரிசைத் துல்லியத்தைத் தாண்டாது. இதைத் தடைக்கல்லாகப் பார்த்தவர்கள் உண்டு. எனக்கென்னவோ இது வழிகாட்டிப் பலகையாகத்தான் படுகிறது, ஏனென்றால் சாவி ‘நேரியல்’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. நேரியல் முறையில் எடைகள் முன்கூட்டியே நிர்ணயமானவை. தரவு எப்படி இருந்தாலும் மாறாது. தரவைப் பார்த்து எடையை மாற்றினால் தேற்றம் நம்மைக் கட்டுப்படுத்தாது.

ஃப்ளக்ஸ் லிமிட்டர் செய்வது அதைத்தான். அப்விண்ட் ஃப்ளக்ஸை எடுத்துக்கொண்டு, லாக்ஸ்-வெண்ட்ராஃப் தரும் திருத்தத்தை ஒரு காரணியால் பெருக்கிச் சேர்க்கிறது. காரணி 0 என்றால் சுத்த அப்விண்ட், 1 என்றால் முழு இரண்டாம் வரிசை. அதை முடிவு செய்வது r என்ற விகிதம்: காற்று வரும் பக்கத்துச் சரிவை, இந்தச் சுவரின் சரிவால் வகுத்தது. தரவு இழைவாக இருந்தால் r ஏறக்குறைய 1. சரிவு திடீரென்று தொடங்கினால் 0. திசை மாறினால் மைனஸ். மிக எச்சரிக்கையான லிமிட்டரான மின்மாட் இவ்வளவுதான்:

```
phi(r) = max(0, min(1, r))
```

நம் படியில் முதல் காலப்படியில் r பூஜ்யம்; திருத்தம் ரத்து; 1, 0.5, 0 என்று வருகிறது. அடுத்த காலப்படியில் 1க்கும் 0.5க்கும் இடைச்சுவரில் r மறுபடியும் பூஜ்யம். 0.5க்கும் 0க்கும் இடைச்சுவரிலோ r சரியாக 1. அங்கே முழுத் திருத்தமும் அனுமதி. விடை 1, 0.8125, 0.1875, 0. அப்விண்டைவிடக் கூர்மை, 1ஐத் தாண்டிய மதிப்பும் இல்லை. வெட்டுவது ஃப்ளக்ஸை என்பதால் ஒரு கட்டத்தின் செலவு அடுத்ததன் வரவாகவே இருக்கிறது. கட்ட மதிப்புகளை நேரடியாக வெட்டியிருந்தால் கணக்கு உதைத்திருக்கும்.

இந்த யோசனை பல இடங்களில் தனித்தனியே முளைத்தது. மாஸ்கோ அருகே கோல்கன் 1972இல் எழுதியது மேற்கில் பல ஆண்டுகள் கவனிக்கப்படவே இல்லை. 1973இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தின் போரிஸும் புக்கும் ஒரு வழி சொன்னார்கள். நெதர்லாந்தில் வான்லீர் 1970களில் ஐந்து கட்டுரைகளாக வளர்த்தெடுத்தார்.

இதற்கும் ஒரு விலை உண்டு. இழைவான ஒரு மலை முகட்டிலும் சரிவு திசை மாறுகிறது. அங்கே r மைனஸ். லிமிட்டருக்கு உண்மையான முகடும் பொய் அலையும் ஒன்றாகவே தெரியும். எனவே முகட்டைச் சீவிவிடும். மின்மாட் அதிகமாக மழுக்கும். பிலிப் ரோவின் சூப்பர்பீ படியை நன்றாகக் கூர்மையாக்கும், ஆனால் இழைவான சைன் அலையையும் மெல்ல மெல்லச் சதுர அலையாக்கிவிடும். முகடுகள் முக்கியமான கணக்குகளுக்குப் பின்னாளில் வந்த வீனோ போன்ற முறைகளே மேல்.

ஆகவே உங்கள் கையில் ஒரு முடிவு வந்தால், அதே கணக்கை மின்மாட்டிலும் சூப்பர்பீயிலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இரண்டிலும் மாறாமல் நிற்பதை மட்டும் அறிக்கையில் எழுதுங்கள்.