சைரன் வச்ச என் முதல் ஸ்கிரிப்ட்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. தீஸிஸ் எழுதறேன் பேர்வழின்னு லேப்டாப்பைத் திறந்து வச்சுட்டு ஈ ஓட்டிக்கிட்டிருந்தேன். ஈஸ்ட் ஹாம்ல நான் குடியிருக்கிற வீட்டு அன்ரி (யாழ்ப்பாணத்துக்காரங்க, எழுபது தாண்டியாச்சு) மாடி ஏறி வந்தாங்க. "தம்பி, போனில கோட் கேட்டு ஏமாத்துறாங்களாம். எங்கட ஆக்களின்ர வாட்சப்பில போட ஒரு சின்ன வொய்ஸ் செய்து தாரும்."

இது என்ன பிரமாதம்னு அரை மணி நேரத்துல முடிச்சேன். ஆரம்பத்துல போலீஸ் சைரன். அப்புறம் கட்டைக் குரல்ல, "எச்சரிக்கை! உங்கள் கணக்கு நொடியில் காலியாகலாம்! ஓடிபியை யாரிடமும் பகிராதீர்கள்!"

ரெண்டு நாள் கழிச்சு அன்ரி ஆன்லைன்ல பேத்திக்கு ஒரு சட்டை வாங்க உக்காந்தாங்க. பேங்க்ல இருந்து ஆறு இலக்க நம்பர் வந்துச்சு. தட்ட மாட்டேன்னுட்டாங்க. "நீர்தானே ஒருத்தருக்கும் குடுக்க வேண்டாம் எண்டு சொன்னனீர்!" சட்டை போச்சு :-(

அப்பதான் உறைச்சது. இந்த மோசடி நடக்கிற விதத்தைக் கொஞ்சம் பாருங்க. திருடன்கிட்ட கார்டு நம்பர் ஏற்கெனவே இருக்கும். "உங்க பார்சலுக்கு சின்னக் கட்டணம் பாக்கி"ன்னு வர்ற போலி எஸ்.எம்.எஸ். லிங்க்ல நாமளே போட்டுக் கொடுத்ததா இருக்கலாம். அதை வச்சு ஒரு கடையில பொருள் வாங்கப் பாக்கறான். பேங்க் நம்ம போனுக்கு நம்பர் அனுப்புது. அவனுக்கு அது ஒண்ணுதான் குறை. உடனே பேங்க் ஆள் மாதிரி கூப்பிடுவான். "உங்க கார்டுல யாரோ 600 பவுண்டு எடுக்கப் பாக்கறாங்க. நிறுத்தணும்னா இப்ப வந்த நம்பரைச் சொல்லுங்க."

பயம்தான் அவன் ஆயுதம். சைரன் போட்டு நானே பாதி பயத்தை ஏத்தி வச்சா, மிச்சப் பாதியை அவன் பாத்துக்குவான். ஆக, என் ஸ்கிரிப்ட் ரெண்டு வகையில தப்பு: பயத்தைக் கூட்டுது, நியாயமா நம்பரைத் தட்டற வேலையையும் தடுக்குது.

அடுத்த சிக்கல் தமிழ்ல. "போன் எடுக்காதீங்க"ன்னு எழுதியிருந்தேன். நம்ம ஊர்ல அதுக்கு வர்ற அழைப்பை எடுக்காதீங்கன்னு அர்த்தம். யாழ்ப்பாணத்தார் "கோல் எடுங்கோ"ன்னா போன் பண்ணச் சொல்றாங்க! அதனால "போனை வைத்துவிடுங்கள்"னு மாத்தினேன். ஓடிபின்னா அன்ரிக்கே புரியலை, "நம்பர்"தான் புரிஞ்சுது.

புரிஞ்சுதான்னு கேட்டா எல்லாரும் தலையாட்டுவாங்க. அதனால நானே பேங்க் ஆளா அடுத்த ரூம்ல இருந்து அன்ரிக்கு போன் பண்ணிப் பாத்தேன். உஷாராத்தான் இருந்தாங்க, ஆனா நடுவுல ஒரு கேள்வி கேட்டாங்க பாருங்க: "அவையே 159க்கு மாத்தி விடுறம் எண்டால்?" பிரிட்டன்ல 2021 செப்டம்பர்ல தொடங்கின எண் அது, அழுத்தினா நம்ம பேங்குக்கே இணைக்கும். ஆனா அந்த எண்ல இருந்து நமக்கு அழைப்பு வரவே வராது. அதனால "நீங்களே"ங்கிற வார்த்தை ஸ்கிரிப்ட்ல ஏறுச்சு.

கடைசில வந்தது இது. நிதானமா படிச்சா சுமார் நாப்பது நொடி:

"வணக்கம். உங்கள் போனுக்கு சில நேரம் ஆறு இலக்க நம்பர் ஒன்று வரும். நீங்களாக ஒரு பொருள் வாங்கும்போது வந்தால், அந்தக் கடையின் பக்கத்தில் நீங்களே தட்டலாம், அது வழக்கமானதுதான். ஆனால் யாராவது போனில் பேசி அந்த நம்பரைக் கேட்டால், பேங்க் என்று சொன்னாலும், சொல்ல வேண்டாம். போனை வைத்துவிடுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. பிறகு நீங்களே ஒன்று, ஐந்து, ஒன்பது அழுத்தி உங்கள் பேங்கோடு பேசுங்கள். ஏற்கெனவே சொல்லிவிட்டீர்களா? பரவாயில்லை, இப்போதே அதே எண்ணை அழுத்துங்கள்."

அந்தக் கடைசி வரிதான் ரொம்ப முக்கியம்னு எனக்குத் தோணுது. ஏமாந்தவங்க வெக்கப்பட்டு பிள்ளைங்ககிட்ட கூட சொல்லாம இருக்கிற நேரத்துலதான் பணம் கை மாறுது. "பணம் திரும்பி வரும்"னு மட்டும் சேர்க்கலை. அது பேங்க் விசாரிச்சு முடிவு பண்றது, நான் வாக்கு கொடுக்க முடியாது.

இந்த கிளிப் பிடிக்காத ஒண்ணு உண்டு. லிங்க் வழியா திறந்த போலிப் பக்கத்துல நாமளே நம்பரைத் தட்டினா "நீங்களாக வாங்கும்போது"ங்கிற வரி உதவாது. அதுக்குத் தனி கிளிப் போடணும். அதுபோக எல்லா பேங்கும் 159ல இல்லை. இல்லாதவங்களுக்குக் கார்டு பின்னாடி இருக்கிற எண்தான். ஊர்ல இருக்கிற அப்பா அம்மாவுக்கு அனுப்பறதா இருந்தா 159 அங்க வேலை செய்யாது, இந்தியாவுக்கு 1930ன்னு மாத்திப் பதிவு பண்ணுங்க.

போன வாரம் அன்ரி சட்டை வாங்கிட்டாங்க. நம்பரைத் தட்டறதுக்கு முன்னாடி அந்த மெசேஜ்ல இருந்த கடைப் பேரையும் தொகையையும் சத்தமா படிச்சாங்க. அது நான் ஸ்கிரிப்ட்ல எழுதாதது :-)