ஒரு ‘ட’, இரண்டு ஒலி

‘எடிட்டர்’ என்ற சொல்லைப் பாருங்கள். ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு வேறு எழுத்துகள் வேண்டும். தமிழில் இரண்டு இடத்திலும் ‘ட’தான். ஆனாலும் அதை யாரும் தவறாகப் படிப்பதில்லை. உயிர்களுக்கு நடுவே தனியாக வரும் ‘ட’, ‘வீடு’ என்பதில் வருவதுபோலத் தொண்டை அதிர ஒலிக்கிறது. இரட்டித்தால், ‘பாட்டு’ என்பதில் வருவதுபோல அதிர்வில்லாமல் அழுந்துகிறது. எழுத்து ஒன்றுதான், அது நிற்கும் இடம் ஒலியைச் சொல்லிவிடுகிறது.

லேபர், பேப்பர்; மோடம், மோட்டார் எல்லாம் இந்த வழியில்தான் பிழைத்திருக்கின்றன. அதனால் கடைப் பலகையில் ‘பேகரி’ என்று ஒற்றைக் ககரம் போடுவது சிறு பிழை அல்ல. ‘கூகுள்’ என்பதன் இரண்டாம் ஒலிபோல அதை வாசிக்கச் சொல்கிறோம். ‘பேக்கரி’ என்பதே சரி.

இரட்டிப்பு ஆங்கிலத்தில் வேறு வேலை செய்கிறது. அங்கே இரட்டை எழுத்து பெரும்பாலும் முன்னுள்ள உயிர் குறில் என்று காட்டும். அதை அப்படியே பார்த்து எழுதியதுபோல அமைந்தவைதான் ரப்பர், லக்கேஜ். இரண்டிலும் மூல ஒலி அதிர்வது. நம் எழுத்திலோ அது வல்லொலியாகிவிட்டது. பலர் பேச்சும் எழுத்தின் பின்னால் போய்விட்டது. இனி அவற்றைத் திருத்த வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். அவை தமிழ்ச் சொற்களாகிவிட்டன.

மெல்லினத்துக்குப் பின் சிக்கல் கூடுகிறது. அங்கே வல்லினம் இயல்பாகவே அதிரும்: சங்கு, பண்டம், கம்பு. ஆகவே ‘டேங்கர்’, ‘பம்பு’ என்று எழுதினால் மூலத்தின் அழுத்தம் கிடைக்காது. டகரத்துக்கு மட்டும் ஒரு வழி உண்டு. ‘லண்டன்’ என்பதற்கு ண்ட, ‘ஏஜென்ட்’ என்பதற்கு ன்ட. ன்ட தமிழ்ச் சொல்லுக்குள் வராத சேர்க்கை; ஆகவே வாசகர் பழைய விதிப்படி படிக்க மாட்டார். பத்திரிகைகள் இதைச் சீராகக் கடைப்பிடிக்கலாம்.

வடமொழிச் சுலோகங்களைத் தமிழில் அச்சிடுவோர் க², க³, க⁴ என்று எண் போடுகிறார்கள். ஆங்கிலச் சொற்களுக்கு அவ்வளவு தேவையில்லை. ஆங்கிலத்தில் மூச்சு கலந்த ஒலியும் கலக்காத ஒலியும் பொருளைப் பிரிப்பதில்லை. அதனால் அந்த வேறுபாட்டை விட்டால் நட்டமில்லை.

உண்மையான இழப்பு சொல்லின் முதலிலும் முடிவிலும்தான். அங்கே இரட்டிப்புக்கு இடமில்லை. ‘பில்’ என்பது ரசீதா, மாத்திரையா? ‘பேக்’ என்பது பையா, பொட்டலமா, முதுகா? சூழல் பெரும்பாலும் காப்பாற்றும். முடிவில் மட்டும் உகரம் ஓரளவு உதவும்: ரோடு, கார்டு என்றால் அதிரும் ஒலி தெரிந்துவிடும். ‘எல்லையில் டிரக் பறிமுதல்’ என்ற தலைப்பில் மட்டும் எந்த உத்தியும் உதவாது. வண்டி என்றால் லாரி என்றும், மற்றதென்றால் போதைப்பொருள் என்றும் எழுதிவிட வேண்டியதுதான்.