பொங்கல் மஞ்சள் கொத்து வைகாசியில் விதையாகும்!

பொங்கலுக்கு வாங்கும் மஞ்சள் கொத்து, கோம்பையில் பல வீடுகளில் பண்டிகை முடிந்ததும் குப்பைக்குப் போகிறது. அதே கொத்தின் கிழங்கைப் பத்திரப்படுத்தினால் வைகாசியில் நடலாம். மளிகைக் கடை விரலி மஞ்சளை நட்டால் முளைக்காது. அது வேகவைத்துக் காயவைத்தது. அதில் உயிர் இல்லை.

தேர்வு

தை மாதக் கொத்தில் இலை பச்சையாக இருப்பதால், கிழங்கு முழுதாக முற்றியிருக்காது. இலை பழுக்கத் தொடங்கிய கொத்தாகப் பார்த்து வாங்குங்கள். பெருவிரலால் தேய்த்தால் தோல் உரியக் கூடாது. உரிந்தால் பிஞ்சு, சமையலுக்கு ஆகும், விதைக்கு ஆகாது.

இஞ்சிக்கும் இதே சோதனைதான். கனமாக, தோல் இறுகி, முளைக்கண் பருத்திருக்க வேண்டும். அழுத்தினால் அமுங்குவது, நீர் கசிவது, துர்நாற்றம் வீசுவது மூன்றும் அழுகல் நோயின் அடையாளம். அந்தத் துண்டை நட்டால் நோயையும் சேர்த்தே நடுகிறோம்.

சேமிப்பு

இலையை வெட்டிவிட்டு, கிழங்கைக் கழுவாமல் மண்ணை மட்டும் உதிர்த்து, இரண்டு மூன்று நாள் நிழலில் உலர்த்துங்கள். பிறகு பானையில் ஒரு அடுக்கு உலர்ந்த மணல், ஒரு அடுக்கு கிழங்கு என்று மாற்றி மாற்றிப் பரப்பி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். பானையை இறுக மூடக் கூடாது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை பார்த்து, அழுகியதை எடுத்துவிட வேண்டும். சமையல் இஞ்சியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம்; விதைக் கிழங்கை வைக்கக் கூடாது. அதிகக் குளிரில் முளைக்கண் கெட்டுவிடும்.

நடவு

100 கிராம் இஞ்சி இருந்தால், 25 கிராம் வீதம் நான்கு துண்டாக்கலாம். ஒவ்வொன்றிலும் ஒரு முளைக்கண்ணாவது இருக்க வேண்டும். லிட்டர் தண்ணீருக்கு 3 கிராம் மேங்கோசெப் கலந்து, துண்டுகளை அரை மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்துங்கள். மருந்தில் நனைத்த துண்டைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது.

அடியில் துளையிட்ட பழைய சாக்கில் செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மட்கிய தொழு உரம் ஒரு பங்கு நிரப்பி, முளைக்கண் மேல்நோக்க இரண்டு அங்குல ஆழத்தில் நடுங்கள். ஒரு சாக்குக்கு இரண்டு துண்டு போதும். முளை தெரியும்வரை மண் ஈரமாக இருந்தால் போதும். தண்ணீர் தேங்கினால் துண்டு அழுகிவிடும். வெயில் கடுமையாக இருந்தால் அரை நிழலில் வையுங்கள். செடி வளர்ந்து கிழங்கு வெளியே தெரியும்போது, மேலே மண் அணைக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியது

அடியிலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, தண்டை இழுத்தால் சுலபமாகக் கையோடு வந்தால், அது கிழங்கு அழுகல். அந்தச் செடியைக் காப்பாற்ற முடியாது. மண்ணோடு அகற்றி, தோட்டத்துக்கு வெளியே கொட்டுங்கள். அந்த மண்ணில் மீண்டும் இஞ்சியோ மஞ்சளோ நட வேண்டாம்.

பச்சை இஞ்சியை ஆறாம் மாதத்திலிருந்து எடுக்கலாம். விதைக்கு வேண்டுமென்றால், எட்டு மாதம் கடந்து இலை காய்ந்த பிறகே தோண்டுங்கள். மஞ்சளுக்கும் இலை காய்வதே அறிகுறி. நோயில்லாத செடியின் கிழங்கில் கொஞ்சத்தை மணலில் வைத்தால், அடுத்த வைகாசிக்கு விதை வெளியே வாங்க வேண்டியதில்லை.