உங்களுக்குத் தெரியுமா? ஹவுரா கேட்ட எட்டு மணி நேரம்

எட்டு மணி நேர வேலை என்றதும் 1886-ன் சிகாகோதான் எல்லோருக்கும் நினைவு வரும். அதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்பே ஹவுரா ரயில் நிலையத்தில் சுமார் 1,200 தொழிலாளர்கள் அதையே கேட்டு வேலையை நிறுத்தினார்கள். இன்ஜின் பிரிவினருக்கு எட்டு மணி நேரம், தங்களுக்கு மட்டும் பத்து மணி நேரமா என்பதே அவர்கள் கேள்வி. 1862 மே மாதம் 'சோம்பிரகாஷ்' என்ற வங்காள இதழ் இதைச் செய்தியாக வெளியிட்டது. பள்ளிப் பாடத்தில் இடம்பெற வேண்டிய போராட்டம் இது.

சட்டம் மெதுவாகவே வந்தது. 1881-ன் முதல் தொழிற்சாலைச் சட்டம் குழந்தைகளின் வேலை நேரத்துக்கு மட்டும் வரம்பு வைத்தது. 1911-ல்தான் பஞ்சாலை, சணல் ஆலை ஆண்களுக்கு நாளுக்கு 12 மணி நேரம் என்ற எல்லை வந்தது. 1922-ல் 11, 1934-ல் 10, 1948-ல் 9 என்று குறைந்தது, வாரத்துக்கு 48.

1948 சட்டத்தின் ஓவர்டைம் கணக்கைப் பாருங்கள். கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். ஆனாலும் பொது விதிப்படி ஓவர்டைமையும் சேர்த்து நாளுக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 60 மணி நேரம், அதற்கு மேல் கூடாது என்று இருந்தது. ஹவுரா தொழிலாளர்கள் ஏற்க மறுத்த அதே பத்து மணி நேரம், இங்கே பொது எல்லையாக நின்றது.

இதைவிட முக்கியமான வரம்பு ஒன்று அதில் இருந்தது: மூன்று மாதத்துக்கு 50 மணி நேர ஓவர்டைம். ஹவுரா வார்ப்படச் சாலை ஒன்றில் அப்போது பெரிய ஆர்டர் வந்திருக்கிறது என்று வையுங்கள். வாரம் 60 மணி நேரம் ஓட்டினால் ஓவர்டைம் வாரத்துக்கு 12. நான்கு வாரத்தில் 48 போய்விடும். மீதி ஒன்பது வாரத்துக்கு இரண்டே மணி நேரம்.

அசதி ஒரு நாளில் தீர்வதில்லை, சேர்ந்துகொண்டே போகும். வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் கணக்கிட்டன. மேலே சொன்ன 50 மணி நேரத்தை 13 வாரத்துக்குப் பிரித்தால் சராசரி வாரம் 52-ஐத் தாண்டாது.

அதே 1948 சட்டத்தில் வார விடுமுறையை மாற்றிக்கொள்ள முடிந்தது, ஆனால் முழு நாள் ஓய்வில்லாமல் தொடர்ந்து பத்து நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று இருந்தது. ஆண்டில் 240 நாள் உழைத்தவருக்கு, உழைத்த 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு விடுப்பு கிடைத்தது.

2025 நவம்பர் 21 முதல் புதிய பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறையில் உள்ளது. நாளுக்கு எட்டு மணி நேரம், ஓவர்டைமுக்குத் தொழிலாளியின் சம்மதம், விடுப்புக்கு 180 நாள் போதும், இவை நல்லவை. ஓவர்டைமின் உச்ச எண்ணை மட்டும் சட்டம் சொல்லவில்லை, அதை அரசு தன் விதியில் எழுத வேண்டும். மூன்று மாதத்துக்கு 100 என்று எழுதினாலே வாரச் சராசரி 55-ஐத் தாண்டிவிடும்.