சித்தியின் ஸ்கூட்டருக்கு மதியச் சாப்பாடு

பாளையங்கோட்டையில் என் சித்தி வீட்டு மொட்டை மாடியில் 2 கிலோவாட் சோலார் பலகைகள் இருக்கின்றன. வாசலில் ஒரு மின்சார ஸ்கூட்டர் நிற்கும். சித்தி தையல் கடை வைத்திருக்கிறார். ராத்திரி எட்டரைக்குக் கடையை அடைத்துவிட்டு வந்ததும் முதல் வேலையாக சார்ஜரைச் செருகுவார். "நம்ம வண்டி வெயில்லயே ஓடுது" என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார்.

ஆறாம் வகுப்பு படிக்கும் அவர் மகள் ஒருநாள் கேட்டாள்: "ராத்திரில வெயில் ஏதும்மா?"

நல்ல கேள்வி. அதற்கு விடை தேடித்தான் கோடை விடுமுறையில் நானும் அவளும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு மின் மீட்டர் முன்னால் உட்கார்ந்தோம்.

சோலார் வைத்த வீட்டு மீட்டர் இரண்டு கணக்குகளைக் காட்டும். தெருக் கம்பியிலிருந்து வீடு வாங்கிய மின்சாரம் 'இம்போர்ட்'. வீட்டுக்குப் போக மிஞ்சி, கம்பிக்குப் போன மின்சாரம் 'எக்ஸ்போர்ட்'. ராத்திரி ஸ்கூட்டரைச் செருகியதும் இம்போர்ட் எண் ஏறத் தொடங்கியது. மாடியில் அன்று பகலில் விளைந்த மின்சாரம் எப்போதோ கம்பி வழியாகப் போய், அக்கம்பக்கத்து வீடுகளில் மின்விசிறியாகச் சுற்றி முடிந்துவிட்டது. கம்பி, தொட்டி மாதிரி மின்சாரத்தைச் சேர்த்து வைக்காது. ராத்திரி சித்தி வண்டிக்குள் போனது, அந்த நேரத்தில் எங்கோ ஓர் அனல்மின் நிலையமோ காற்றாலையோ உற்பத்தி செய்துகொண்டிருந்த மின்சாரம்.

இரண்டு கணக்கையும் கழித்துத்தான் வீட்டு பில் போடுகிறார்கள். அதனால் பகலில் சார்ஜ் போட்டால் பணம் பெரிதாக மிச்சமாகாது. ஆனால், சித்தி சொன்ன வாக்கியம் உண்மையாக வேண்டுமானால், வெயில் இருக்கும்போதுதான் வண்டி சாப்பிட வேண்டும்.

"அஞ்சு மணி நேரம் சார்ஜ் ஏறணுமே! பகல்ல வண்டி கடையில நிக்குதே!" என்றார் சித்தி.

அங்கேதான் கணக்கு தேவைப்பட்டது. ஸ்கூட்டர் பேட்டரியில் மொத்தம் 3 யூனிட் பிடிக்கும். ஒரு யூனிட் என்றால் 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடுவதற்கான மின்சாரம். காலியான பேட்டரி நிறைய சுமார் ஐந்து மணி நேரம் ஆகும் என்பது சரிதான். ஆனால் தினமும் காலியாகிறதா? வீட்டிலிருந்து கடைக்கு 6 கிலோமீட்டர். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்து போவார் என்பதால் நாளைக்கு நான்கு நடை, 24 கிலோமீட்டர். அந்த வண்டி ஒரு கிலோமீட்டருக்குச் செலவழிப்பது ஏறக்குறைய 30 வாட் மணி. 24-ஐ 30-ஆல் பெருக்கினால் 720 வாட் மணி, அதாவது முக்கால் யூனிட்டுக்கும் குறைவு. சார்ஜரும் பேட்டரியும் சூடாவதில் கொஞ்சம் வீணாகும். அதையும் சேர்த்தால் சுவரிலிருந்து 850 வாட் மணி எடுக்க வேண்டும். சார்ஜர் இழுப்பது 750 வாட். வகுத்துப் பாருங்கள்: ஒரு மணி எட்டு நிமிடம்தான்!

சித்தி சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பது ஒரு மணியிலிருந்து இரண்டரை வரை. அன்றன்று செலவானதை அன்றன்றே நிரப்பினால் அந்த இடைவெளியே போதும்.

அந்த நேரம் சூரியனுக்கும் தோதானது. நம் கடிகாரம் ஓடுவது உத்தரப் பிரதேசம் வழியாகப் போகும் 82.5 டிகிரி தீர்க்கக் கோட்டின் நேரப்படி. திருநெல்வேலி அதற்கு மேற்கே இருப்பதால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, 12:20-ஐ ஒட்டித்தான். பலகைகளில் மின்சாரம் அதிகமாகக் கிடைப்பதும் அதற்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு மணி நேரம்தான்.

2 கிலோவாட் பலகை என்றால் உச்சியில் 2000 வாட் வருமா? இன்வெர்ட்டர் திரையில் நாங்கள் பார்த்தது 1450. பலகையின் திறனைக் கணக்கிடுவது அது 25 டிகிரி சூட்டில் இருக்கும்போது. மே மாத வெயிலில் அது 60 டிகிரியைத் தொட்டுவிடும். ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றில் அரைப் பங்குக்குச் சற்றுக் குறைவாக மின்சாரம் குறையும். வெளிச்சம்தான் பலகைக்குச் சாப்பாடு, சூடு அதற்கு ஆகாது. மேலே படிந்த தூசியும் தன் பங்கைக் குறைக்கும்.

முதல் நாள் சோதனை. சித்தி ஒரு மணிக்கு வந்தார். வெயிலில் ஓடி வந்த பேட்டரி சூடாக இருக்கும் என்பதால் இருபது நிமிடம் நிழலில் ஆறவிட்டோம். 1:20-க்கு சார்ஜரைச் செருகினாள் தங்கை. மாடியிலிருந்து வந்தது 1400 வாட். சார்ஜருக்கு 750, ஃபிரிட்ஜுக்கும் விசிறிகளுக்கும் 250. போக, 400 வாட் மிச்சம். 2:28-க்கு மீட்டரைப் பார்த்தோம். இம்போர்ட் எண் அசையவே இல்லை. எக்ஸ்போர்ட் மட்டும் அரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாக ஏறியிருந்தது. "அப்படியே நிக்குது!" என்று துள்ளினாள் அவள். சார்ஜர் செருகியிருந்த பதினாறு ஆம்பியர் பிளக்கைத் தொட்டுப் பார்க்கவும் சித்தி தவறவில்லை. பிளக் சுடுகிறது என்றால் உள்ளே இணைப்பு தளர்ந்திருக்கிறது என்று பொருள். உடனே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். அதைத் தொட்டுப் பார்ப்பது பெரியவர்கள் வேலை.

மறுநாள் இம்போர்ட் ஏறிவிட்டது. காரணம் தாத்தா. 1:40-க்குத் தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டார். ஒரு குதிரைத்திறன் மோட்டாருக்கே 750 வாட்டுக்கு மேல் வேண்டும். இரண்டும் சேர்ந்தால் மாடி தாங்காது, பற்றாத மின்சாரத்தைக் கம்பியிலிருந்து வீடு தானாக வாங்கிக்கொள்ளும். அன்றிலிருந்து மோட்டார் பதினோரு மணிக்குப் போனது. அது நின்ற பிறகுதான் இஸ்திரிப் பெட்டி. மூன்றாம் நாள் மேகம் வந்தது. பத்து நிமிடம் 1400 வாட் 400-ஆக விழுந்தது. அதற்காக சார்ஜரைப் பிடுங்க ஓட வேண்டாம். பற்றாக்குறை 600 வாட், பத்து நிமிடத்துக்கு. அது யூனிட்டில் பத்தில் ஒரு பங்குதான்.

மூன்று மணிக்கு மேல் பார்த்தது எனக்கு வியப்பாக இருந்தது. பக்கத்து வீட்டுத் தென்னையின் நிழல் ஒரே ஒரு பலகையின் ஓரத்தில்தான் விழுந்தது. ஆனால் மொத்த மின்சாரமும் சட்டென்று இறங்கியது. பலகைகள் சங்கிலியாக இணைக்கப்பட்டிருப்பதால் ஒன்றில் ஓட்டம் தடைபட்டால் மற்றவற்றையும் அது பாதிக்கிறது. சித்தி நான்கு மணிக்கு சார்ஜ் போட நினைத்திருந்தால் பாதிக்கு மேல் கம்பியிலிருந்துதான் வந்திருக்கும்.

இரண்டாவது வாரத்தில், வானத்தில் மேகமே இல்லாத ஒரு நாளில், வண்டி சார்ஜ் ஏறவில்லை. இன்வெர்ட்டர் திரையில் பூஜ்ஜியம். தங்கை பதறிப் போனாள். அன்று மாதாந்திரப் பராமரிப்புக்காக ஊரில் மின்தடை. கம்பியில் மின்சாரம் இல்லாதபோது இந்த வகை இன்வெர்ட்டர் தன்னையும் நிறுத்திக்கொள்ளும். இல்லாவிட்டால் மாடியிலிருந்து போகும் மின்சாரம், கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேனைத் தாக்கிவிடும் அல்லவா?

பேட்டரியில் இன்னும் முக்கால் பங்கு இருந்தது. சித்தி அப்படியே கடைக்குக் கிளம்பினார். தங்கை நோட்டில் அன்றைய தேதிக்கு நேராக 'கரண்ட் இல்லை, நாளைக்கு ஒன்றேமுக்கால் மணி நேரம்' என்று எழுதினாள். நாளை ஞாயிறு. கடை விடுமுறை. பதினோரு மணிக்கே செருகிவிடலாம். மோட்டாரை மட்டும் ஒன்பதரைக்குப் போட்டுவிடச் சொல்லி தாத்தாவிடம் ஓடினாள்.